காபிக்குப் பிறகு நெஞ்சில் ஒரு துள்ளல்: எது சும்மா, எதைக் காட்ட வேண்டும்?

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. பல வருடமாக ஈசிஜி எடுப்பதும், நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை நெஞ்சில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பி மறுநாள் அது பதிந்ததை எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. ஸ்டிக்கர் ஒட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஸ்ட்ராங்கா ஒரு காபி குடிச்சேன், நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுட்ட மாதிரி இருந்துச்சு, இது ஹார்ட்டா?" அந்தக் கேள்வி எத்தனை வடிவத்தில் வருமோ அத்தனையையும் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ளதை மட்டும் படித்துவிடுங்கள்.

படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

துடிப்பு தப்புவதோடு மயக்கம் வந்தால், அல்லது கண் இருண்டு விழப் போனால். நெஞ்சில் அழுத்தமோ வலியோ இருந்தால், அது கைக்கோ தாடைக்கோ பரவினால். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால். வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் நாடி நிமிடத்துக்கு 150க்கு மேல் இறங்காமல் ஓடினால். இதில் எது இருந்தாலும் காபியா டீயா என்ற ஆராய்ச்சி வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இது எதுவும் இல்லை என்றால் மேலே படிக்கலாம்.

எதையும் யோசிப்பதற்கு முன் நாடியைப் பிடியுங்கள். எப்படி?

உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்கு வழி இங்கே உதவாது, ஏனென்றால் நமக்கு வேண்டியது எண் மட்டும் இல்லை, தாளம். வாயால் "டக் டக்" என்று கூடவே சொல்லிப் பாருங்கள், தாளம் எங்கே உடைகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கக்கூடியவை நாலு விதம். சீராக ஓடி இடையில் எப்போதாவது ஒரு இடைவெளி. வேகமாக, ஆனால் சீராக, மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று மிக வேகம். தாளமே இல்லாத தாறுமாறு. நான் பார்த்தவரை காபிக்குப் பின் வருகிறவர்களில் முதல் வகைதான் மிக அதிகம், அதனால் அதைத்தான் நிறைய எழுதப் போகிறேன்.

அறிகுறி 1: ஒரு துடிப்பு விட்டுப் போகிறது, உடனே 'தொம்' என்று ஓங்கி ஒரு அடி

இதயம் உண்மையில் அந்தத் துடிப்பை விடவில்லை. நடப்பது நேர் எதிர். வரிசைப்படி அடுத்த துடிப்பு வர வேண்டிய நேரத்துக்கு முன்பே, இதயத்தின் கீழறையிலோ மேலறையிலோ ஏதோ ஒரு சிறு இடம் முந்திக்கொண்டு ஒரு துடிப்பைப் போட்டுவிடுகிறது. இதை எக்டோபிக் துடிப்பு என்பார்கள். இதயத்துக்குள் ரத்தம் நிரம்புவதற்கு நேரம் கிடைக்காமல் வந்த துடிப்பு என்பதால் அது வெளியே தள்ளும் ரத்தம் கொஞ்சம்தான், மணிக்கட்டில் எட்டவே எட்டாது. அதன் பிறகு இதயம் ஒரு கணம் ஓய்கிறது. அந்தக் கூடுதல் கணத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்பிவிடுகிறது, அடுத்த துடிப்பு அத்தனையையும் சேர்த்துத் தள்ளுகிறது. நீங்கள் பயப்படும் அந்த 'தொம்' இதுதான். அதாவது, பயமுறுத்தும் அடி ஒரு சாதாரணத் துடிப்பு, கொஞ்சம் நிறைய வேலை செய்த துடிப்பு. கோளாறான துடிப்பை நீங்கள் உணரவே இல்லை.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால், 24 மணி நேரம் ஹோல்டர் மாட்டினால் ஆரோக்கியமான ஆட்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டாவது பதிவாகியிருக்கும். ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது, அதில் சில தப்பிப்போவது இயல்பு. பெரும்பாலோர் அதை உணர்வதில்லை, சிலர் ஒவ்வொன்றையும் உணர்வார்கள். என்னிடம் வந்த ஒருவர், துள்ளும்போது அழுத்தச் சொல்லும் கருவியின் பொத்தானை அன்று முழுக்க முப்பது முறைக்கு மேல் அழுத்தியிருந்தார், அத்தனை முறையும் பதிவில் எக்டோபிக் இருந்தது, ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வேறொருவருக்கு நூற்றுக்கணக்கில் பதிவாகியிருந்தது, அவரோ "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். எவ்வளவு உணர்கிறோம் என்பதற்கும் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் தொடர்பு அவ்வளவுதான்.

படுத்தால்தான் அதிகமாக இருக்கிறது. ஏன்?

இரண்டு காரணம். இடது பக்கம் திரும்பிப் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வருகிறது, அடி நேராக விழுகிறது. அப்புறம், இரவில் இதயம் மெதுவாக ஓடுகிறது, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீளும்போது முந்திக்கொள்ள நினைக்கும் துடிப்புக்கு வாய்ப்பும் கூடுகிறது. வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள், உணர்வு குறைந்தால் அது இந்த வகை என்பதற்கு ஒரு சின்னத் தடயம். உறுதியான சோதனை என்று சொல்ல மாட்டேன்.

நடந்தால் போய்விடுகிறது, இது நல்லதா கெட்டதா?

பொதுவாக நல்ல அறிகுறி. வேகம் கூடும்போது சாதாரணத் துடிப்பு முந்திக்கொண்டு எக்டோபிக்குக்கு இடம் கொடுக்காமல் போய்விடும். இதற்குத் தலைகீழாக, படி ஏறும்போது அல்லது ஓடும்போதுதான் தப்புகிறது என்றால், அதை உடனடியாகக் காட்டுங்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

கைக்கடிகாரம் நாடி 38 என்று காட்டுகிறது!

இது இரவில் பலரையும் எழுப்பி உட்கார வைக்கும் விஷயம். ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு எக்டோபிக், ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு எக்டோபிக் என்று மாறி மாறி வந்தால், எக்டோபிக்கின் அலை மணிக்கட்டுக்கு வராததால் கடிகாரம் பாதியைத்தான் எண்ணும். இதயம் 76 துடித்துக்கொண்டிருக்கும், திரையில் 38 இருக்கும். மயக்கமோ தலைசுற்றலோ இல்லாமல் நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த மாறி மாறி வரும் ஓட்டம் நீண்ட நேரம் நிற்கவில்லை என்றால், அல்லது அடிக்கடி வருகிறது என்றால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. இரவிலேயே ஓட வேண்டியதில்லை, மறுநாள் போகலாம். மயக்கம் சேர்ந்து வந்தால் மட்டும் மேலே சொன்ன பட்டியல்.

இதற்கும் காபிக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா?

காஃபின் மூளையிலும் இதயத்திலும் 'ஓய்வெடு' என்று சொல்லும் அடினோசின் என்ற பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூடவே அட்ரினலின் மாதிரியான ஊக்கிகளும் கொஞ்சம் கூடுகின்றன. இதயம் கொஞ்சம் ஓங்கித் துடிக்கிறது, அதைக் கவனிக்கும் விழிப்பும் கூடுகிறது. ஆக சிலருக்குத் துடிப்பு மாறுகிறது, சிலருக்கு மாறுவது கவனம் மட்டும்தான்.

அமெரிக்காவில் 100 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள், 2023இல் வெளியானது. நெஞ்சில் ஈசிஜி பட்டையை ஒட்டி, இன்று காபி குடி, இன்று குடிக்காதே என்று தினமும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். காபி குடித்த நாட்களில் மேலறை எக்டோபிக் கவனிக்கத்தக்க அளவு கூடவில்லை. கீழறை எக்டோபிக் கூடியது, சராசரியாக நாளுக்கு 102 என்பது 154 ஆனது. அதோடு தூக்கம் சுமார் 36 நிமிடம் குறைந்தது. எனக்கு இதில் தூக்கக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. தூங்காத ஆளுக்குத் துடிப்பு தப்புவதும் அதிகம், மறுநாள் காபி கேட்பதும் அதிகம். வட்டம் அங்கேதான் சுற்றுகிறது.

எவ்வளவு குடித்தால் அதிகம்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பிரச்சினை இல்லை என்று ஐரோப்பிய, அமெரிக்க உணவு நிறுவனங்கள் சொல்கின்றன. ஒரே மூச்சில் 200 வரை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு நாள் முழுவதற்குமே 200தான். வடிகட்டிய காபி 240 மில்லி ஏறக்குறைய 95 மி.கி., அதே அளவு டீ 40 முதல் 50. 250 மில்லி எனர்ஜி ட்ரிங்க் ஒரு டப்பாவில் சாதாரணமாக 80. ஆனால் பொடி எவ்வளவு, எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்து உங்கள் கப் இதைவிட இரண்டு மடங்குகூட இருக்கலாம். நிறத்தைப் பார்த்து அளக்காதீர்கள், பொடியைப் பாருங்கள்.

மாலை குடித்தது இரவு பன்னிரண்டு மணிக்கு ஏன் வேலை செய்கிறது?

குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் காஃபின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும், அதன் பிறகு பாதி குறைய சராசரியாக 5 மணி நேரம். சிலருக்கு 2, சிலருக்கு 9. புகைப்பவர்களுக்குச் சீக்கிரம் போகும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் தங்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் நீளும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் வாரத்திலும் தங்கும் நேரம் கூடும். "இத்தனை வருஷமா இதே காபிதான், இப்போ மட்டும் ஏன்?" என்று கேட்பவர்கள் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று முதலில் பார்க்கட்டும்.

என் சித்தி மகன் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். முப்பத்து மூன்று வயது, கம்ப்யூட்டர் முன் வேலை, இரண்டு வாரமாக ஒரு புராஜெக்ட் நெருக்கடி. "அண்ணா, படுத்தா நெஞ்சுக்குள்ள மீன் துள்ற மாதிரி இருக்கு" என்றான். நாடி பார்க்கச் சொன்னேன். போனிலேயே வாயால் எண்ணச் சொன்னேன்: டக் டக் டக் டக்... டக். அவ்வப்போது ஒரு இடைவெளி, மற்றபடி சீர், நிமிடத்துக்கு 72. மயக்கம் இல்லை, வலி இல்லை, எழுந்து ஹாலில் பத்து நடை நடந்தால் நின்றுவிடுகிறது. சரி, இன்று என்ன குடித்தாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் ஒரு பெரிய மக் காபி, நாலு மணிக்குக் கடும் டீ, ஆறரைக்கு மறுபடி ஒரு மக். மக் ஒன்று 120 மி.கி., டீ 60 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 420.

பாதியாகும் நேரம் 5 மணி என்றால், இரவு பதினொன்றரைக்கு ஒன்பது மணிக் காபியில் சுமார் 16, பதினொரு மணிக் காபியில் 21, டீயில் 21, ஆறரை மணிக் காபியில் சரியாகப் பாதி, 60. கூட்டினால் 118. அதாவது படுக்கையில் கண்ணை மூடும்போது அவன் உடம்பில் ஏறக்குறைய ஒரு முழு மக் அப்படியே இருக்கிறது. "அப்போ நான் ஒரு மக் குடிச்சுட்டுப் படுத்த மாதிரியா?" என்றான். அதேதான்.

இது காபியால்தானா என்று கண்டுபிடிப்பது எப்படி?

"விட்டுப் பார்த்தேன், ஒரு நாள் நல்லா இருந்துச்சு" என்பதை நம்ப முடியாது. எக்டோபிக் தானாகவே கூடிக் குறையும், இன்று நூறு, நாளை பத்து. அவனிடம் சொன்னதையே சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளில் குடித்த நேரம், கப் அளவு, துள்ளிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முந்தின இரவு எத்தனை மணி தூங்கினீர்கள், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். இரண்டாம் வாரம் மதியம் பன்னிரண்டுக்குப் பிறகு காஃபின் வேண்டாம், காலை அப்படியே இருக்கட்டும். நிறையப் பேருக்கு இதிலேயே பாதி தீர்ந்துவிடும். மூன்றாம் வாரம், இரண்டு நாள் குடித்து இரண்டு நாள் விட்டு, மாற்றி மாற்றிப் பாருங்கள். விடும் நாளில் தலைவலி வந்தால் பயம் வேண்டாம், கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல் நாளுக்கு அரை கப் என்று குறைத்துவிட்டு இந்தச் சோதனைக்குள் வந்தால் தலைவலி இல்லாமல் முடியும். மூன்று வாரத் தாளில் குடித்த நாட்களில் தெளிவாக அதிகம் என்றால் காபி குற்றவாளி. வித்தியாசமே இல்லை என்றால் காபியைத் தண்டிக்காதீர்கள், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. துள்ளலை எண்ணுகிறேன் என்று நாள் முழுக்க நாடியில் விரல் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். எண்ணுபவர் எண்ண எண்ண அதிகம் உணர்வார். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, அப்புறம் துள்ளிய சமயம், அவ்வளவுதான்.

அறிகுறி 2: வேகமாக ஓடுகிறது, ஆனால் சீராக, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது

நாடி 100, 110, சில சமயம் 120. கை நடுக்கம், வியர்வை, ஒரு படபடப்பு. வெறும் வயிற்றில் கடும் காபி குடித்த ஒரு மணி நேரத்தில் வந்து அப்படியே தணிந்தால், அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், சாப்பிடுங்கள், அடுத்த கப்பைத் தள்ளுங்கள்.

ஆனால் நிற்காமல் இப்படியே இருக்கிறது, காபி குடிக்காத நாளிலும் ஓய்வில் 100க்கு மேல் என்றால், அது காபி இல்லை. ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, காய்ச்சல், நீர் இழப்பு, மூக்கடைப்புக்குச் சாப்பிட்ட சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரை, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், இப்படி ஒரு வரிசை உண்டு. எடை குறைகிறது, வெயில் தாங்கவில்லை, விரல் நடுங்குகிறது என்றால் தைராய்டு சோதனை கேளுங்கள். மாதவிடாய் அதிகம், படி ஏறினால் களைப்பு என்றால் ஹீமோகுளோபின்.

அறிகுறி 3: சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கிறது

இதை எஸ்விடி என்பார்கள். குனிந்து எழும்போதோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ ஒரே விநாடியில் 70இலிருந்து 180க்குத் தாவும், கழுத்தில் துடிப்பு அடிக்கும், சீராக ஓடும், சில நிமிடமோ சில மணியோ கழித்து டக் என்று நின்றுவிடும். "எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் விநாடி சுத்தமாகச் சொல்வார்கள், படபடப்பு வந்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது. இதயத்துக்குள் பிறவியிலேயே இருக்கும் ஒரு கூடுதல் மின்பாதையில் அலை சுற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். காபி சிலருக்குத் தொடக்கி வைக்கலாம், பாதையை உண்டாக்கியது அது இல்லை. ஒரு முறை வந்தாலும் காட்ட வேண்டியது. அந்த ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது, இதயம் இப்படி ஓடும்போது அருகில் ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள், உட்கார்ந்து ஓய்வெடுத்தும் 150க்கு மேலேயே நின்றால் மேலே சொன்ன பட்டியல்.

இது எஸ்விடிதான் என்று ஏற்கெனவே டாக்டர் சொன்னவர்களுக்கு ஒரு வழி கற்றுத் தருவார்கள்: சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் பிஸ்டன் சற்றே நகரும்படி 15 விநாடி ஊதி, உடனே படுக்க வைத்து இரண்டு காலையும் 45 டிகிரிக்கு வேறொருவர் தூக்கிப் பிடிப்பது, மற்றொரு 15 விநாடி. இப்படிச் செய்தபோது 100இல் 43 பேருக்கு ஓட்டம் நின்றது, உட்கார்ந்தபடியே ஊதினால் 17 பேருக்குத்தான். 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு. கழுத்தை அமுக்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

அறிகுறி 4: தாளமே இல்லை, அள்ளித் தெளித்த மாதிரி ஓடுகிறது

ஒரு நீளம், ஒரு குட்டை, இரண்டு வேகம், ஒரு மெது, எந்த ஒழுங்கும் இல்லை. முதல் வகையில் பெரும்பாலும் சீர், நடுவில்தான் உடைப்பு, இங்கே சீரே இல்லை. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், மேலறை துடிக்காமல் நடுங்குவது. இதைக் கவனிக்க வேண்டியது வேகத்துக்காக மட்டும் இல்லை, நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது ஏற ஏற, ரத்த அழுத்தம் இருந்தால், சர்க்கரை இருந்தால் ஆபத்து கூடும். காபி விடுவது இதற்கு மருந்து ஆகாது. முந்தின இரவு மது அதிகம் குடித்தவர்களுக்கும் இது வருவதைப் பார்த்திருக்கிறேன். சில நிமிடத்தில் நின்றுவிட்டாலும் அதே வாரத்தில் காட்டுங்கள், நிற்கவில்லை என்றால் அன்றே போங்கள்.

அவசரம் இல்லை, ஆனால் காட்டத்தான் வேண்டும் என்பவர்கள் யார்?

குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் இருந்தால். முன்பே இதய நோய், வால்வு நோய் உண்டு என்றால். முன்பு ஒரு தடவை மயங்கி விழுந்தது நினைவுக்கு வந்தால். கர்ப்பமாக இருந்தால். மூன்று வாரம் காபியைக் குறைத்தும் அப்படியே இருந்தால். இல்லை, எந்தக் காரணமும் இல்லாமல் தூக்கம் போகும் அளவு மனதை அரித்தால், அதுவே போதுமான காரணம்.

போனால் என்ன செய்வார்கள்?

முதலில் ஈசிஜி. ஆனால் அது பதிவது சுமார் 10 விநாடி மட்டுமே. உங்களுக்கு நாளில் ஐந்து முறை வருவது அந்தப் பத்து விநாடியில் வர வாய்ப்பு மிகக் குறைவு, அதனால் "ஈசிஜி நார்மல்" என்ற சீட்டை வைத்து எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. பயனுள்ளதுதான், பழைய பாதிப்புகளும் சில பிறவிக் கோளாறுகளும் அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஹோல்டர், 24 அல்லது 48 மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் இரண்டு வாரம் ஒட்டியே இருக்கும் பட்டைதான் சரி, இல்லையென்றால் வெறும் காகிதம். எங்கள் அனுபவத்தில் ஒன்று: மாட்டியிருக்கும் நாளில் நல்ல பிள்ளையாகக் காபி குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வேண்டாம், வழக்கமான நாளாகவே இருக்கட்டும், அதே நேரத்தில் அதே கப்பைக் குடியுங்கள், துள்ளினால் பொத்தானை அழுத்தி நேரத்தை எழுதுங்கள். அன்றைக்கு வராமல் இருந்தால் நாங்கள் என்ன பார்க்க?

எக்டோபிக் எத்தனை என்பதை மொத்தத் துடிப்பில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். கீழறை எக்டோபிக் 10 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளில் பத்தாயிரம் வாக்கில் இருந்தால், நீண்ட நாளில் இதயத் தசை தளர வாய்ப்பு இருப்பதால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவோடு தொடர்ந்து பார்ப்பார்கள். சில நூறு என்பது அந்தக் கணக்கில் மிகச் சிறிய எண். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம் பார்ப்பது வழக்கம். வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர் போக மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கும். தானாகப் பொட்டாசியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, அதிகமானால் அதுவும் இதயத்தை நிறுத்தும்.

கையில் எடுத்துப்போக வேண்டியது அந்த மூன்று வாரத் தாள், எடுக்கும் மாத்திரைகளின் பெயர்கள், கடிகாரத்தில் ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால் துள்ளும்போது எடுத்த 30 விநாடிப் படம். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்பதைவிட "இரவு பதினொன்றரைக்கு, படுத்த பிறகு, சீராக ஓடி நடுவில் ஒரு இடைவெளி, நடந்தால் போய்விடுகிறது" என்று சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எவ்வளவு வேலை குறைகிறது தெரியுமா?

நெஞ்செரிச்சலோடு சேர்ந்தே வருகிறதே?

வரும். வயிறு உப்பினாலும் அமிலம் மேலே ஏறினாலும் சிலருக்குத் துள்ளல் கூடுகிறது, வெறும் வயிற்றில் குடித்த காபி இரண்டையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். சாப்பிட்ட பிறகு குடித்துப் பாருங்கள், சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். ஆனால் நடக்கும்போது மட்டும் எரிகிறது, நின்றால் போகிறது என்றால் அது வயிறு என்று தீர்மானித்துவிடாதீர்கள், காட்டுங்கள்.

டீகாஃப் குடிக்கலாமா?

குடிக்கலாம், அதிலும் ஒரு கப்புக்குச் சில மில்லிகிராம் உண்டு, பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது. சோதனை வாரத்தில் இதைப் பயன்படுத்தினால் ஒரு நன்மை, சூடான கப்பைக் கையில் பிடிக்கும் பழக்கமும் விடாது, தலைவலியும் குறையும்.

சித்தி மகன் கதைக்கு வருவோம். மதியத்துக்குப் பிறகு விட்டான், முதல் நாலு நாள் மாலையில் எரிச்சலோடு இருந்தான், பத்தாம் நாள் "அண்ணா, ராத்திரி மீன் இல்லை" என்று செய்தி அனுப்பினான். இருந்தாலும் அவன் அம்மா வழித் தாத்தா முப்பத்தெட்டு வயதில் வயலில் விழுந்து இறந்தது எனக்குத் தெரியும், அவனுக்கு அது வெறும் கதையாகத்தான் தெரியும். அதனால் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வைத்தேன். இரண்டும் சரியாகத்தான் இருந்தன, ஹோல்டரில் நாளுக்கு 61 எக்டோபிக், அதில் பாதி மாலை ஏழுக்குப் பிறகு. இப்போது காலையில் இரண்டு மக்கோடு நிறுத்திக்கொள்கிறான், மாலை டீ ஒன்று கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் மணியைப் பார்க்கிறார்கள்.